அரை அளவில் அச்சான ஈசிஜி: மலைக்கிராமத்து நர்ஸ் அனுப்பிய ஒரு படம்

அஞ்செட்டி மலைப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து காலை 7:05-க்கு என் வாட்ஸ்அப்புக்கு ஒரு ஈசிஜி படம் வந்தது. அனுப்பிய சிஸ்டர் பெங்களூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்தவர், பிறகு சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெங்களூரில் இருக்கும் தமிழ் டாக்டர்களுக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து இப்படிப் படங்கள் வருவது புதிதில்லை. இந்த ஒரு நோயாளியின் கதையை முழுதாக எழுதுவதற்குக் காரணம், இதில் மூன்று முடிவுகள் எடுக்கவேண்டியிருந்தது, அவற்றில் இரண்டு அந்தத் தாளின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியைப் பொறுத்தே அமைந்தன.

நோயாளிக்கு 56 வயது, விவசாயி, எடை 62 கிலோ, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர், பீடி உண்டு. விடிகாலை ஐந்தரைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவருக்கு மேல்வயிற்றில் அழுத்தம், பிறகு இரண்டு முறை வாந்தி. வீட்டில் எல்லோரும் வாயு என்றே நினைத்தார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. 6:50-க்கு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்து 'கேஸ் ஊசி ஒண்ணு போட்டுடுங்க சிஸ்டர், சரியாயிடும்' என்று கேட்டிருக்கிறார்கள்.

சிஸ்டர் ஊசி போடவில்லை. இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்ட விரும்பவில்லை. இடுப்பில் டைக்ளோஃபினாக்கோ வேறெதுவோ தசை ஊசியாகப் போட்டிருந்தால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் தமனியை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறும்போது அந்த இடத்தில் ரத்தம் கசிந்து பெரிய வீக்கமாகியிருக்கலாம். மாரடைப்பில் டைக்ளோஃபினாக் தானே கெடுதல், அது தனிக் கதை. அவர் ஊசியை நிறுத்திவைத்துவிட்டு ஈசிஜி எடுத்ததற்குக் காரணம் வியர்வை. போனில் அவர் சொன்னது இது: "சார், வலி வயித்துக்கு மேலதான்னு சொல்றார், ஆனா சட்டையப் பிழிஞ்சா தண்ணி ஊத்தும் போல இருக்கு, கை ஐஸ் மாதிரி இருக்கு, பல்ஸ் 48, பிபி 84-க்கு 56. ரெண்டு கையிலயும் பார்த்தேன், ஒரே மாதிரிதான்."

இரண்டு கையிலும் பிபி பார்த்தது தற்செயல் இல்லை. மகாதமனியின் சுவர் கிழிந்தாலும் மாரடைப்பு போலவே வலி வரும், அப்போது இரு கை பிபிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம், அந்த ஆளுக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிரே போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த பழக்கம் அது, நான் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

முதல் படத்தில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை

அங்கே இருப்பது ஒற்றைச் சேனல் மெஷின். பெரிய மருத்துவமனைகளில் வரும் ஒரே பக்கத் தாள் மாதிரி பன்னிரண்டு லீடும், அதாவது இதயத்தை வெவ்வேறு கோணத்திலிருந்து காட்டும் பன்னிரண்டு பதிவும், ஒன்றாக வராது, நீளமான நாடா மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக லீட் 1, 2, 3, பிறகு ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப், அப்புறம் வி1 முதல் வி6 வரை ஓடும். சிஸ்டர் அதைக் கட்டிலின் மேல் நீட்டி வைத்துச் சாய்வாக ஒரே படமாக எடுத்திருந்தார். அறையில் வெளிச்சம் போதாததால் ஃபிளாஷ் அடித்திருக்கிறது. வெப்பத்தாள் வழவழப்பானது, ஒளி நடுவில் பட்டு ஒரு வெள்ளைத் திட்டு, சரியாக ஏவிஎல் இருக்கவேண்டிய இடத்தில். நாடாவின் ஆரம்பம் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையான பெரிய அலைக்கு அடுத்து வரும் கோட்டை எஸ்டி பகுதி என்போம். லீட் 3-இல் அது ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது, ஏவிஎஃப்-இல் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, லீட் 2-இல் ஒன்றுக்கும் குறைவு. இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று சொல்ல, பக்கத்துப் பக்கத்து லீடுகள் இரண்டில் ஒரு மில்லிமீட்டராவது உயர்வு வேண்டும். கணக்குக்கு வருகிறது, ஆனால் தயக்கத்தோடு வருகிறது, இந்த அளவு உயர்வு வேறு காரணங்களாலும் வரும். தயக்கத்தைத் தீர்ப்பது வழக்கமாக ஏவிஎல்தான். கீழ்ச்சுவரில் உண்மையான மாரடைப்பு என்றால் ஏவிஎல்-இல் எஸ்டி கீழே இறங்கியிருக்கும், பல சமயம் லீட் 3 உயர்வதற்கு முன்பே அது இறங்கிவிடும். அந்த இடத்தில்தான் வெள்ளைத் திட்டு.

இன்னொன்றும் உறுத்தியது. எல்லா லீடிலும் அலைகள் குட்டையாக இருந்தன. குட்டை அலைகளுக்குக் காரணங்கள் உண்டு: ரொம்பப் பருமனான உடம்பு, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பது, பல வருடப் புகையால் காற்றடைத்த நுரையீரல். இவர் 62 கிலோ விவசாயி. பீடியால் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் எல்லா லீடும் இப்படிப் பாதியாகக் குறைய அது போதாது. மெஷினின் அளவு மாறியிருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது.

ஈசிஜி எடுக்கும்போது மெஷின் முதலில் ஒரு சதுர அடையாளம் போடும். ஒரு மில்லிவோல்ட் மின்சாரம் தாளில் எத்தனை உயரம் வரும் என்பதைக் காட்டும் அடையாளம் அது. வழக்கமான அளவில் அது பத்து மில்லிமீட்டர் உயரம், அதாவது இரண்டு பெரிய கட்டம். மெஷினில் ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினால் அரை அளவுக்குப் போகும், அப்போது அடையாளம் ஒரு பெரிய கட்டம்தான் இருக்கும், எல்லா அலையும் பாதியாகும். இதயச் சுவர் தடித்த நோயாளிக்கு அலைகள் தாளை விட்டு வெளியே போகும் என்பதால் அப்படி வைப்பார்கள், திரும்ப மாற்ற மறந்துவிடுவார்கள்.

சிஸ்டரிடம் கேட்டது சுருக்கமாக இவ்வளவுதான்: ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் கொண்டுபோய், நாடாவை மூன்று துண்டாக மேலிருந்து நேராக எடுங்கள், முதல் துண்டில் அந்தச் சதுர அடையாளம் கட்டாயம் இருக்கட்டும், படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும், சின்னக் கட்டங்களின் கோடுகள் கலங்கிப்போகும், எண்ண முடியாது.

கேமரா கொஞ்சம் சாய்ந்தால் எல்லாம் போச்சு என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. சாய்ந்தால் அலையும் கட்டமும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே குறுகும். ஆகவே கட்டத்தை எண்ணினால் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும், ஸ்கேல் வைத்து அளந்தால்தான் தப்பு வரும். சின்னக் கட்டங்கள் சதுரமாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே சாய்வு புரிந்துவிடும். கட்டமே தெரியாமல் வெளுத்துப்போவதும், சதுர அடையாளம் வெட்டுப்படுவதும்தான் உண்மையான இழப்பு.

7:13-க்கு மூன்று படமும் வந்தன. அடையாளம் ஐந்து மில்லிமீட்டர். அப்படியென்றால் லீட் 3-இல் தாளில் தெரிந்த ஒன்றரை உண்மையில் மூன்று மில்லிமீட்டர், லீட் 2-உம் ஒன்றரைக்குப் பக்கம். ஏவிஎல் இப்போது தெளிவாகத் தெரிந்தது, எஸ்டி நன்றாக இறங்கியிருந்தது. லீட் 1-இல் அலைகள் நிமிர்ந்தும் ஏவிஆர்-இல் தலைகீழாகவும் இருந்ததால் கை லீடுகள் மாறவில்லை என்றும் ஓரளவு நம்பலாம். இருந்தாலும் வாயால் ஒருமுறை கேட்டேன்: சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கருப்பு வலது கால். சரியாக இருக்கிறது என்றார். சந்தேகத்துக்கு இடமில்லாத கீழ்ச்சுவர் மாரடைப்பு.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

சிஸ்டர் மாத்திரைகளை எடுத்துவைத்திருந்தார். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகள் உண்டு: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. வாந்தி எடுப்பவர் என்பதால் முதலில் நரம்பு வழியாக ஆன்டான்செட்ரான் கொடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி மற்றதையும் கொடுத்தார். மருத்துவ அலுவலர் அப்போது வழியில் வந்துகொண்டிருந்தார். அவரையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்டோம், மருந்துகள் அவர் உத்தரவாகவே நோட்டில் ஏறின. நான் தூரத்திலிருந்து கருத்துச் சொல்பவன், பொறுப்பு எடுத்து எழுதவேண்டியவர் அவர்தான்.

கூட இருந்த ஒருவர் தன் பையிலிருந்து சார்பிட்ரேட் எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஊரில் யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் முதலில் கை போவது அதற்குத்தான். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இரண்டு. மேல் பிபி 90-க்குக் கீழே இருக்கும்போது அந்த மாத்திரை கூடாது, இதில் விவாதமே இல்லை. இன்னொன்று, கீழ்ச்சுவருக்கு ரத்தம் கொடுப்பது பெரும்பாலோருக்கு வலது கரோனரி தமனி, அதன் ஆரம்பப் பகுதியிலேயே அடைத்தால் இதயத்தின் வலது கீழறையும் சேர்ந்து அடிபடும். அடிபட்ட வலது அறை தானாக அழுத்தம் கொடுத்து ரத்தத்தைத் தள்ளாது, உள்ளே வரும் ரத்தத்தின் அளவை நம்பியே ஓடும். சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரித்து இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் நன்றாக ஓடினாலும் குழாயில் எதுவும் வராது இல்லையா, அந்த நிலைதான். வலது அறை பாதிப்பில் சார்பிட்ரேட் மாதிரியான நைட்ரேட் மருந்து எவ்வளவு கெடுதல் என்பதற்கான ஆய்வுச் சான்று நாங்கள் படித்த காலத்தில் நினைத்த அளவுக்கு உறுதியாக இல்லை என்பதும் உண்மை, ஆனால் 84 பிபியில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

வலது அறை பாதிக்கப்பட்டதா என்று வழக்கமான பன்னிரண்டு லீடு நேராகச் சொல்லாது. லீட் 2-ஐ விட 3-இல் உயர்வு அதிகம், வி1-இலும் கொஞ்சம் உயர்வு, இரண்டும் அந்தத் திசையைக் காட்டின. உறுதிசெய்ய வி4 உறிஞ்சியை அப்படியே வலது பக்கம் மாற்றி வைக்கவேண்டும்: ஐந்தாவது விலா இடைவெளி, வலது காறை எலும்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டில். மெஷினில் வி4 என்றே அச்சாகும் என்பதால் தாளில் பேனாவால் வி4ஆர் என்று எழுதவேண்டும், இல்லையென்றால் அடுத்து பார்ப்பவருக்குப் புரியாது. சிஸ்டர் அளவை முழுசாக மாற்றி, லீட் 2, 3, ஏவிஎஃப், வி4ஆர் மட்டும் மறுபடி எடுத்தார். கூடவே நான் சொல்லாமலேயே ஒன்று செய்தார். முதல் நாடாவின் தலைப்பில் 'அரை அளவு, 5 மி.மீ.' என்று கொட்டை எழுத்தில் எழுதி, நேரம் 7:00 என்றும் போட்டு வைத்தார். அதன் மதிப்பு மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வி4ஆர்-இல் ஒன்றரை மில்லிமீட்டர் உயர்வு, ஒன்று இருந்தாலே போதும். நுரையீரல் அடியில் ஸ்டெத் வைத்துக் கேட்கச் சொன்னேன், நீர்ச் சத்தம் இல்லை. நார்மல் சலைன் 250 மி.லி. வேகமாக, மறுபடி கேட்டுவிட்டு இன்னொரு 250. பிபி 98-க்கு 64 வந்தது, பல்ஸ் 54. துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியில் ஏற்றி ட்ரேயில் இருந்தது, தேவைப்படவில்லை. குறைந்த பிபி என்றால் உடனே சலைன் என்று இதைப் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடது பக்கம் பெரிய மாரடைப்பாகி நுரையீரலில் நீர் கோத்தவருக்கு இதே சலைன் மூச்சை முட்டவைக்கும். அதனால்தான் ஒவ்வொரு 250-க்கும் நடுவில் ஸ்டெத் வைப்பது.

பெங்களூரா, தாலுகாவா

நோயாளியின் மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் கேப் ஓட்டுகிறார். அன்று ஊரில் இருந்தார், கார் வாசலில் நின்றது. போனை வாங்கி, "சார், 108 எல்லாம் எதுக்கு, நான் நேரா உங்ககிட்டயே கூட்டிட்டு வந்துடறேன், நீங்க பாத்துக்கங்க" என்றார். அந்த நம்பிக்கைக்கு மறுப்புச் சொல்வது எளிதில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருந்தது.

கணக்கு இது. மாரடைப்பு உறுதியானது 7:13. அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்புக்குள் கம்பி போகும் என்றால் நேரே ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கூட்டிப்போவது நல்லது, முடியாது என்றால் பக்கத்திலேயே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் அனுப்பவேண்டும். மலையிறங்கி தேன்கனிக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு வரும்போது காலை பத்து மணி, அலுவலக நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம். அதன்பின் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் தயாராகி கம்பி போகப் பதினொன்று ஆகிவிடும். வலி தொடங்கி ஐந்தரை மணி நேரம். வழியில் இதயத்துடிப்பு தடம் மாறினால் காரில் ஷாக் கொடுக்க எதுவும் இல்லை. தாலுகா மருத்துவமனையோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, ஊசி அங்கே இருக்கிறது, 108-இல் ஆளும் கருவியும் இருக்கிறது.

மகனிடம் இதை மில்லிமீட்டர் கணக்கெல்லாம் இல்லாமல் சொன்னேன்: பெங்களூர் வரத்தான் போகிறார், ஆனால் அடைப்பைக் கரைக்கும் மருந்து பதினொரு மணிக்குப் பதில் எட்டரைக்கே உள்ளே போகட்டும். ஒத்துக்கொண்டார், காரை ஆம்புலன்ஸ் பின்னால் ஓட்டிவந்தார்.

வண்டி கிளம்பும் முன் சிஸ்டர் கேட்டுவைத்த கேள்விகள் அங்கே பத்து நிமிடம் மிச்சப்படுத்தின. பக்கவாதம் வந்ததுண்டா, சமீபத்தில் ஆபரேஷன், தலையில் அடி, மலத்தில் ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை? எதுவும் இல்லை. தாளில் எழுதி, இரண்டு ஈசிஜி நாடாவையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பினார். 7:35-க்குக் கிளம்பி 8:25-க்குப் போய்ச் சேர்ந்தார்கள். 8:40-க்குக் கட்டி கரைக்கும் ஊசி டெனெக்டிபிளேஸ், 62 கிலோவுக்கு 35 மி.கி., நரம்பில் ஒரே தள்ளாக. இதே வேலைக்கான பழைய மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறும்போது பிபி இறங்கும் என்பதால் இவருக்கு டெனெக்டிபிளேஸ் இருந்தது நல்லதாகப் போயிற்று. கூடவே ரத்தம் மறுபடி உறையாமலிருக்க எனாக்ஸபாரின்.

தொண்ணூறு நிமிடம் கழித்து

ஊசி வேலை செய்ததா என்று பார்க்க 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி எடுத்து, எஸ்டி உயர்வு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இறங்கவில்லை என்றால் ஊசி தோற்றது, உடனே அவசர ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஓடவேண்டும். 10:10-க்கு எடுத்த தாளில் லீட் 3-இல் உயர்வு ஒரு மில்லிமீட்டர். கேஸ் ஷீட்டின் மேலே இருந்தது முதல் நாடா, அதில் ஒன்றரை.

ஒன்றரையிலிருந்து ஒன்று என்றால் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, ஊசி தோற்றது என்று அர்த்தம். ஆனால் முதல் தாள் அரை அளவு, அதன் உண்மை மூன்று. 10:10-க்கு எடுத்த தாள் முழு அளவு, அதன் உண்மை ஒன்றேதான். மூன்றிலிருந்து ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு இறங்கியிருக்கிறது, ஊசி வேலை செய்திருக்கிறது. பேனாவால் எழுதிய அந்த ஒரு வரியைத் தாலுகா டாக்டர் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார், "சார், முதல் ஈசிஜி பாதி அளவுல எடுத்ததுன்னு எழுதியிருக்கு, அப்ப இது நல்ல ரெஸ்பான்ஸ்தானே?" என்றார். வலியும் ஒன்பதரைக்கே விட்டிருந்தது. அந்த நேரத்தில் மானிட்டரில் கொஞ்ச நேரம் அகலமான மெதுவான துடிப்புகள் வரிசையாக ஓடியதையும் சொன்னார். அடைப்பு திறக்கும்போது வரும் துடிப்பு அது, பிபி நன்றாக இருந்தால் மருந்து கொடுக்காமல் விட்டுவிடலாம், தானாகப் போய்விடும். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னதால் அவசர ஓட்டம் தேவைப்படவில்லை. பிபியைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் நெரிசல் தணிந்த பிறகு பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகும் முன், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தோம். வலது கரோனரியின் ஆரம்பப் பகுதியில் 90 சதவீத அடைப்பு, கொஞ்சம் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ரத்தம் கடைசிவரை போய்க்கொண்டிருந்தது. வலது அறைக்குப் போகும் கிளை அந்த அடைப்புக்குக் கீழேதான் பிரிந்தது, வி4ஆர் சொன்னது அதைத்தான். ஒரு ஸ்டென்ட் வைத்தோம். இடது பக்கத் தமனிகளில் லேசான படிவுகள் மட்டும். எக்கோவில் கீழ்ச்சுவர் மந்தம், வலது அறையின் அசைவு சற்றுக் குறைவு, மொத்தப் பம்ப் அளவு 50 சதவீதம்.

ஆறு வாரம் கழித்து மகனோடு வந்தார். வலது அறை பழைய அசைவுக்குத் திரும்பியிருந்தது, கீழ்ச்சுவரில் மட்டும் கொஞ்சம் மந்தம் மிச்சம். பீடியை விட்டிருக்கிறார். குளோபிடோக்ரெல் ஒரு வருடம், ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாடினும் ஆயுளுக்கும் என்று எழுதிக் கொடுத்தேன், மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொள்வது அதே சுகாதார நிலையத்தில். புதிதாக எடுத்த ஈசிஜியின் நகல் ஒன்றையும் முழு அளவு என்று எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வலி என்று போனால் சிஸ்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.